மின்னோட்டத்திலிருந்து ஒளித்திறனுக்கு

சுமார் 1 மில்லிவாட் தரக்கூடிய சிவப்பு ஹீலியம்-நியான் லேசர் ஒன்று மேசையில் இருக்கிறது. அதன் கற்றை ஒரு சிலிக்கான் போட்டோடயோடின் மேல் விழுகிறது. டயோடின் இரு முனைகளுக்கு இடையே 10,000 ஓம் மின்தடையை இணைத்து மல்டிமீட்டரில் பார்த்தால் 0.42 வோல்ட். அப்படியானால் மின்னோட்டம் 42 மைக்ரோஆம்பியர். இதை ஒளித்திறனாக மாற்ற, ஒரு வாட் ஒளிக்கு டயோடு எத்தனை ஆம்பியர் தரும் என்று தெரிய வேண்டும். அதுதான் ரெஸ்பான்சிவிட்டி.

லேசரின் அலைநீளம் 633 நானோமீட்டர். விழும் ஒவ்வொரு ஃபோட்டானும் ஓர் எலக்ட்ரானைத் தந்தால், ஒரு வாட்டுக்கு 633-ஐ 1240-ஆல் வகுத்த அளவு, அதாவது 0.51 ஆம்பியர் கிடைக்கும். ஆனால் ஒளியில் ஒரு பங்கு டயோடின் பரப்பிலேயே பிரதிபலித்துத் திரும்பிவிடுகிறது, வேறு சில்லறை இழப்புகளும் உண்டு. நம் டயோடின் விவர ஏட்டில் இந்த அலைநீளத்துக்கு 0.42 என்று இருப்பதாகக் கொள்வோம். கணக்கு எளியது:

P = I / R

42 மைக்ரோஆம்பியரை 0.42-ஆல் வகுத்தால் 0.1 மில்லிவாட். எதிர்பார்த்ததில் பத்தில் ஒரு பங்குதான்!

லேசரைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த 0.42 வோல்ட்டைப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து மின்னழுத்தம் கொடுக்காத சிலிக்கான் டயோடு, எவ்வளவு ஒளி விழுந்தாலும் அரை வோல்ட்டுக்கு மேல் அதிகம் ஏறாது. ஒரு மில்லிவாட் ஒளிக்கு அந்த மின்தடையில் 4.2 வோல்ட் எழ வேண்டும். டயோடால் அது முடியாது. உண்டான மின்னோட்டத்தின் பெரும்பகுதி டயோடுக்குள்ளேயே திரும்பிப் பாய்ந்துவிடுகிறது. இதுதான் செறிவுநிலை. கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. ஒளியைப் பாதியாக்கும் வடிகட்டியைக் குறுக்கே வையுங்கள். அளவீடும் பாதியாக வேண்டும். இங்கோ 0.40 வோல்ட் வரைதான் இறங்கும்.

மின்தடையை 100 ஓம் ஆக மாற்றினால் இப்போது 38.4 மில்லிவோல்ட். கற்றையை மறைத்தாலும் 0.6 மில்லிவோல்ட் மிஞ்சுகிறது. அது அறை விளக்கின் பங்கு. அதைக் கழித்தால் 37.8. மின்னோட்டம் 0.378 மில்லிஆம்பியர், ஒளித்திறன் 0.9 மில்லிவாட். வடிகட்டி வைத்தால் இந்தக் கழித்த அளவும் சரியாகப் பாதியாகிறது. இந்தச் சோதனையைச் செய்யாமல் எந்த எண்ணையும் நோட்டில் எழுதக் கூடாது என்பேன்.

லேசரை மாற்றினால் ரெஸ்பான்சிவிட்டியையும் மாற்ற வேண்டும். 405 நானோமீட்டர் ஊதா ஒளியில் எல்லா ஃபோட்டானும் பயன்பட்டால்கூட அது 0.33-ஐத் தாண்டாது. அங்கும் 0.42-ஆல் வகுத்தால் ஒளித்திறன் குறைவாகவே தெரியும். கற்றை முழுவதும் டயோடின் உணர்பரப்புக்குள் விழுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வெளியே சிந்தும் ஒளி கணக்கில் வராது. இன்னொன்று, ஏட்டில் உள்ள 0.42 அந்த மாடலின் பொதுவான மதிப்புதான். ஒரே மாடல் டயோடுகளுக்குள்ளும் சில சதவீத வேறுபாடு இருக்கும். லேசர் வேலை செய்கிறதா என்று பார்க்க அது போதும். ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமென்றால், தனியாக அளவுத்திருத்தம் செய்து சான்றிதழோடு வரும் டயோடுதான் வேண்டும்.