பக்கத்து மாடிக்குத் தெரியாத திறமை

ஒரு பெரிய நிறுவனத்தின் ஐந்தாம் மாடியில் இருக்கும் மேனேஜருக்குத் தரவுப் பகுப்பாய்வு தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். இரண்டாம் மாடியில் அந்த வேலையில் பாதியைத் தினமும் செய்துகொண்டிருக்கும் பெண் ஒருவர் இருக்கிறார். துறை மாற வழி கிடைக்காதா என்று அவரும் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேனேஜர் நிறுவனத்தின் உள் தளத்தில் தேடுகிறார். அந்தப் பெண்ணின் பெயர் பட்டியலில் வரவில்லை. சில வாரம் கழித்து வேலைக்கு வெளியே விளம்பரம் போகிறது.

இதில் நிறுவனத்துக்கும் நஷ்டம்தான். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் வார்ட்டன் மேலாண்மைப் பள்ளியைச் சேர்ந்த மேத்யூ பிட்வெல், அமெரிக்க முதலீட்டு வங்கி ஒன்றின் ஊழியர் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். உள்ளிருந்தே உயர்ந்தவர்களைவிட, அதே பதவிக்கு வெளியிலிருந்து வந்தவர்கள் சுமார் 18 முதல் 20 சதவீதம் கூடுதல் சம்பளம் வாங்கினார்கள். ஆனால் முதல் இரண்டு ஆண்டுகளில் அவர்களுடைய பணி மதிப்பீடு குறைவாகவே இருந்தது. நிறுவனம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ளவே அவர்களுக்கு அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

உள்ளே இருக்கும் ஆள் கண்ணில் படாமல் போகக் காரணங்கள் பல. அவற்றில் ஊழியர் தன் கையாலேயே சரிசெய்யக்கூடியது அவருடைய ப்ரொஃபைல். பெரும்பாலான ப்ரொஃபைல்கள் வேலையில் சேர்ந்த வாரத்தில் எச்.ஆர். கேட்டதற்காக நிரப்பப்பட்டவை. பிறகு அப்ரைசல் சமயத்தில் சொந்த மேனேஜர் பார்ப்பதற்காக இரண்டு வரி சேர்ந்திருக்கும். அந்த மேனேஜருக்கு உங்கள் ப்ராஜெக்டின் பெயரும் தெரியும், சுருக்கெழுத்துகளும் தெரியும், நீங்கள் யார் என்றும் தெரியும். ஐந்தாம் மாடி மேனேஜருக்கு இவற்றில் எதுவுமே தெரியாது. ப்ரொஃபைலை அவருக்காக எழுத வேண்டும்.

அவர் எப்படித் தேடுகிறார் என்று பார்த்தால் எழுதும் முறை தானாகப் பிடிபடும். முதலில் அவர் யாருடைய ப்ரொஃபைலையும் படிப்பதில்லை, வடிகட்டுகிறார். ஊர், பணிநிலை, முதன்மைத் திறன், அதில் எந்த அளவு தேர்ச்சி, எப்போது விடுபட முடியும் ஆகியவற்றைப் பெட்டிகளில் கொடுக்கிறார். இந்தச் சல்லடையில் தங்காதவர் எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் பயனில்லை. தங்கியவர்கள் முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். அவர்களுடைய தலைப்பு வரியையும் அதன் கீழே இரண்டு மூன்று வரிகளையும் மட்டும் பார்த்து ஐந்தாறு பேரை ஒதுக்கி வைக்கிறார். அந்த ஐந்தாறு பேரின் பக்கங்களைத்தான் முழுதாகப் படிக்கிறார். அதன் பிறகு போன். ஆக, சல்லடைக்கு ஒன்று, அவசரக் கண்ணுக்கு ஒன்று, நிதானமாகப் படிப்பவருக்கு ஒன்று என்று ஒரே பக்கம் மூன்று வேலை செய்தாக வேண்டும்.

இரண்டாம் மாடிப் பெண்ணையே எடுத்துக்கொள்வோம். மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம்களைக் கையாளும் மென்பொருளுக்கு ஆறு ஆண்டுகளாக சப்போர்ட் வேலை பார்ப்பவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவருடைய ப்ரொஃபைலில் இருப்பது இது: "சீனியர் சப்போர்ட் அனலிஸ்ட். க்ளெய்ம்ஸ் ப்ராஜெக்டில் எல்-2 சப்போர்ட். டிக்கெட்டுகளைக் கையாளுதல், மாதாந்திர ரிப்போர்ட், பிற குழுக்களுடன் ஒருங்கிணைப்பு. கடின உழைப்பாளி."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதே வரிகளை அந்தக் கட்டடத்தில் நூறு பேர் தங்கள் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ளலாம். தரவுத் துறை மேனேஜர் தேடும் ஒரு சொல்கூட இதில் இல்லை.

'டிக்கெட்டுகளைக் கையாளுதல்' என்பதற்குள் என்ன இருக்கிறது? அவரையே உட்கார வைத்துக் கேட்டால் உடனே சொல்ல வராது. பழகிப்போன வேலை, வேலையாகவே தோன்றாது. அதனால் நினைவை நம்ப வேண்டாம். கடைசி மூன்று மாதத்தில் அனுப்பிய மின்னஞ்சல்களையும், டிக்கெட்டை மூடும்போது எழுதிய குறிப்புகளையும் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கச் சொல்ல வேண்டும். அப்போது வெளிவருவது வேறு கதை.

பணமில்லாச் சிகிச்சையில் மருத்துவமனை முதலில் ஒரு தொகைக்கு முன்அனுமதி கேட்கும். செலவு ஏறினால் கூடுதல் தொகை கேட்டு மறுபடி எழுதும். கடைசியில் இறுதி பில் வரும். இவருடைய மென்பொருளில் இந்த ஒவ்வொன்றும் தனித்தனி வரிசையாகப் பதிவாகிறது. விவரம் தெரியாதவர் எண்ணினால் ஒரே நோயாளியின் ஒரே சிகிச்சை மூன்று க்ளெய்மாகத் தெரியும். இந்தப் பெண் எஸ்.க்யூ.எல். எழுதி அவற்றைக் கோத்து ஒன்றாக்குகிறார். மாத ரிப்போர்ட்டுக்காக மூன்று அட்டவணைகளிலிருந்து எடுத்து எக்செலில் கையால் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு நாள் வேலையை, ஒரு மணி நேரத்தில் முடியும்படி மாற்றியதும் இவர்தான். நிதித் துறை அந்த ரிப்போர்ட்டைத்தான் பயன்படுத்துகிறது.

இவ்வளவையும் அவர் 'மாதாந்திர ரிப்போர்ட்' என்ற இரண்டே சொற்களில் அடக்கியிருந்தார். என்னைக் கேட்டால், தரவுத் துறைக்கு அவருடைய எஸ்.க்யூ.எல். அறிவைவிட அந்த வரிசைகள் ஏன் மூன்றாக வருகின்றன என்ற அறிவுதான் பெரிது. எஸ்.க்யூ.எல். தெரிந்தவர் வெளியே கிடைப்பார். இது தெரிந்தவர் கிடைக்க மாட்டார்.

மாற்றி எழுதினால் ஏறத்தாழ இப்படி வரும்: "மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம் தரவில் ஆறு ஆண்டு அனுபவம், எஸ்.க்யூ.எல். மூலம் தரவுப் பிழைகளைக் கண்டறிந்து காரணம் சொல்வது தினசரி வேலை. ஒரே சிகிச்சைக்கு வரும் பல கோரிக்கைகளை ஒன்றாக இணைத்து எண்ணும் மாத அறிக்கையை உருவாக்கி, இரண்டு நாள் கைவேலையை ஒரு மணி நேரமாகக் குறைத்தேன். நிதித் துறை இதைப் பயன்படுத்துகிறது. பைத்தான் கற்று வருகிறேன். ஒரு சிறிய அறிக்கை அதில் ஓடுகிறது. தரவுப் பகுப்பாய்வுப் பணியை நாடுகிறேன்."

இதில் ப்ராஜெக்டின் உள்பெயர் போய்விட்டது. செய்தது, எதைக் கொண்டு செய்தது, எவ்வளவு மாறியது, யாருக்குப் பயன் என்பவை வந்திருக்கின்றன. எங்கே போக விருப்பம் என்ற கடைசி வரியைப் பலர் கூச்சத்தில் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால், சப்போர்ட் வேலையில் திருப்தியாக இருப்பவர் என்றுதான் படிப்பவர் நினைப்பார். வாடிக்கையாளரின் பெயரையும் க்ளெய்ம் தொகைகளையும் எழுதாமல் விட்டதைக் கவனியுங்கள். ஒப்பந்தப்படி அவற்றை மற்றத் துறைகளுக்குக்கூடக் காட்டக் கூடாத நிறுவனங்கள் உண்டு. நேர மிச்சத்தைச் சொன்னால் ரகசியம் எதுவும் வெளியே போகாது.

அடுத்தது திறன் பட்டியல். சல்லடை பார்ப்பது இதைத்தான். எழுதுவதற்கு முன், தான் போக விரும்பும் துறையின் உள் வேலை அறிவிப்புகள், அதாவது ஐ.ஜே.பி.கள், நான்கைந்தை எடுத்து, அவற்றில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். தான் உண்மையில் செய்யும் வேலைக்கு அந்தத் துறை என்ன பெயர் வைத்திருக்கிறதோ, பட்டியலில் அந்தப் பெயரையே போட வேண்டும். இவர் 'ரிப்போர்ட்டிங்' என்று குறித்திருப்பதை அவர்கள் 'டேட்டா அனாலிசிஸ்' என்று தேடிக்கொண்டிருக்கலாம். ஒரே திறனுக்குப் பல பெயர் இருப்பது எல்லா ஊரிலும் உள்ள தொல்லைதான். ஐரோப்பிய ஒன்றியம் இதற்காகவே 13,000-க்கும் மேற்பட்ட திறன்களை, மாற்றுப் பெயர்களோடு, ஒரு பொதுப் பட்டியலாகத் தொகுத்து வைத்திருக்கிறது. நம் அலுவலகத் தேடல் பெட்டிகள் பலவும் அவ்வளவு தூரம் வரவில்லை.

தேர்ச்சி அளவை ஒன்று முதல் நான்கு வரை கேட்கும் தளத்தில் இவர் எஸ்.க்யூ.எல்.லுக்கு மூன்று, பைத்தானுக்கு ஒன்று போட வேண்டும். ஒன்று என்று போட்டால் பைத்தான் தேடலில் வர மாட்டோமே என்ற கவலை வரும். வரமாட்டார்தான். மூன்று போட்டு வந்தால், துறை மேனேஜருடன் பேசும் முதல் பத்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். அப்புறம் எஸ்.க்யூ.எல்.லில் போட்ட மூன்றையும் அவர் நம்ப மாட்டார். நாற்பது திறன்களுக்கும் நான்கு போட்ட பக்கத்தை அனுபவமுள்ள மேனேஜர்கள் படிக்காமலே கடந்து போவதும் இதனால்தான்.

பழைய திறன்கள் வேறு மாதிரி கெடுக்கும். சேர்ந்த புதிதில் நடந்த பயிற்சியில் கற்ற கோபால் மொழி இன்னும் முதன்மைத் திறன் என்ற இடத்தில் இருக்கலாம். அப்படியானால் மெயின்ஃப்ரேம் ப்ராஜெக்டுகளிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கும். தரவுத் துறையிலிருந்து ஒன்றும் வராது. ஐ.டி. சேவை நிறுவனங்களில் ஆள் ஒதுக்கும் குழு பெரும்பாலும் முதலில் பார்ப்பது அந்த ஒரு கட்டத்தைத்தான். அதை மாற்றச் சில இடங்களில் மேனேஜரின் ஒப்புதலோ உள் தேர்வோ தேவைப்படும். ஆகவே இதை விண்ணப்பிக்கும் வாரத்தில் தொடங்கினால் போதாது. இரண்டு மாதம் முன்பே தொடங்க வேண்டும்.

ப்ரொஃபைல் சரியாகிவிட்டதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. அந்தத் துறையில் தெரிந்தவர் யாரேனும் இருந்தால், உங்கள் பெயரைப் போடாமல் திறனையும் ஊரையும் மட்டும் போட்டுத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் வரவில்லை என்றால் தவறு பட்டியலில். வந்தும் அவர் திறக்கவில்லை என்றால் தவறு தலைப்பு வரியில். திறந்து படித்துவிட்டு, "சரி, இவங்க சப்போர்ட்ல என்னதான் பண்றாங்க?" என்று கேட்டால் நடுப்பகுதியைத் திரும்ப எழுத வேண்டும். வேறு துறைகளிலிருந்து வரும் அழைப்புகளும் ஒரு சோதனைதான். வேண்டாத வேலைக்கே தொடர்ந்து கூப்பிடுகிறார்கள் என்றால், உங்கள் பக்கம் இன்னும் பழைய ஆளைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ப்ரொஃபைலால் ஆகாதவையும் உண்டு. ஒரே ப்ராஜெக்டில் குறிப்பிட்ட மாதங்கள் முடித்திருந்தால்தான் விண்ணப்பிக்கலாம் என்று பல நிறுவனங்களில் விதி இருக்கிறது. 'மாற்றத்துக்குத் தயார்' என்ற கட்டத்தை டிக் செய்தால் அது சொந்த மேனேஜருக்கும் தெரியுமா என்பது தளத்துக்குத் தளம் வேறுபடும். டிக் செய்வதற்கு முன் எச்.ஆர்.ரிடம் கேட்டுவிடுவது நல்லது. வேறொருவர் வாயால் மேனேஜர் கேள்விப்பட்டால் உறவு கசக்கும்.

ஏனென்றால் ஐந்தாம் மாடி மேனேஜர் கடைசியில் போன் செய்வது அவருக்குத்தான். ப்ரொஃபைலில் இருப்பதெல்லாம் உண்மையா, எப்போது விடுவீர்கள் என்று கேட்பார். இரண்டாவது கேள்வியில்தான் நிறைய இடமாற்றங்கள் நின்றுபோகின்றன. நல்ல ஆளை விட எந்தக் குழுவுக்கும் மனம் வராது. ஆகவே அந்தப் பெண், போன் வருவதற்கு முன்பே தன் மேனேஜரிடம் போய், "சார், மாத ரிப்போர்ட்டை எழுத்துல போட்டு வெச்சிட்டேன். நம்ம டீம்ல ஒருத்தர் போன மாசம் அதை நான் இல்லாமலே ஓட்டிட்டார். ஆறு வாரத்துல மீதியையும் ஒப்படைச்சிடலாம்" என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லியிருந்தால் இரண்டாவது கேள்விக்கு மேனேஜரிடம் ஒரு தேதி இருக்கும்.