சம்பளம் வேறு கணக்குக்குப் போகணுமா?

சம்பளம் ஏறும் வங்கிக் கணக்கை மாற்றச் சொல்லி கம்பெனியின் சம்பளப் பிரிவுக்குப் போனால், முதலில் வரும் கேள்வி, "கேன்சல்டு செக் இருக்கா, இல்ல பாஸ்புக் முதல் பக்கம் இருக்கா?" என்பதுதான். கணக்கு எண்ணைத்தான் எழுதிக் கொடுத்துவிட்டேனே, இத்தனை வருஷமாக இங்கே வேலை பார்க்கிற என்னை நம்பக்கூடாதா என்று சிலருக்குக் கோபமே வந்துவிடும். அந்தத் தாளைக் கேட்பதற்கான காரணம், பணம் போய்ச் சேரும் விதத்தில் இருக்கிறது.

நெஃப்ட் வழியாக அனுப்பும் பணத்தை, கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான் வங்கி வரவு வைக்கும். கூடவே அனுப்பும் பெயரை அதற்குப் பொருத்திப் பார்க்க வேண்டியதில்லை என்பது ரிசர்வ் வங்கி வகுத்த முறை. ஆகவே எண் தவறினால் இரண்டில் ஒன்று நடக்கும். அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால் பணம் கம்பெனிக்குத் திரும்பிவிடும். சம்பளம் சில நாள் தள்ளிப்போகும், அவ்வளவுதான். அந்த எண்ணில் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கணக்கு இருந்துவிட்டால், உங்கள் சம்பளம் அவர் கணக்கில் ஏறிவிடும். பெயர் பொருந்தவில்லையே என்று வங்கியைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆளின் சம்மதம் வாங்கித்தான் பணத்தைத் திரும்பப் பெற வேண்டியிருக்கும்; அவர் அதற்குள் எடுத்துச் செலவழித்திருந்தால் போராட்டம்தான்.

பணம் அனுப்பும் முன் வாங்குபவரின் பெயரைத் திரையில் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் முதல் தேதிக்குள் ஏற்படுத்தும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. தனியாள் ஒருவருக்கு அனுப்பும்போது இது நல்ல துணை. ஆனால் நூற்றுக்கணக்கானவர்களின் சம்பளத்தை ஒரே கோப்பில் ஏற்றும் இடத்தில், ஒவ்வொரு பெயராக நிறுத்திப் பார்க்க யாருக்கும் நேரமிருக்காது. எண்ணையும் பெயரையும் ஒருவர் சேர்த்துப் பார்க்கும் தருணம், நீங்கள் அந்த ஆதாரத்தைக் கொடுக்கும் தருணம் ஒன்றுதான்.

அதனால் ஆதாரத்தில் நான்கு விவரங்கள் அச்சில் இருக்க வேண்டும்: பெயர், கணக்கு எண், ஐஎஃப்எஸ்சி, கிளை. காசோலையைக் கொடுப்பதானால் குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் 'கேன்சல்டு' என்று எழுதுங்கள். கோடு எண்களின் மேல் விழ வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம். கணக்கு தொடங்கிய அன்றே கையில் தரும் கிட்டில் உள்ள காசோலைகளில் பெரும்பாலும் பெயர் அச்சாகியிருக்காது. பெயரில்லாத காசோலையால் எண் யாருடையது என்று தெரியாது என்பதால் அது திரும்பி வரும். அப்போது பாஸ்புக் முதல் பக்கத்தில் கிளையின் முத்திரையும் அதிகாரியின் கையெழுத்தும் வாங்கிக் கொடுப்பதே எளிது.

பழைய பாஸ்புக்கை நம்பிவிடாதீர்கள். கரூரில் தொடங்கப்பட்ட லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது. சிண்டிகேட் வங்கி அதே ஆண்டு ஏப்ரலில் கனரா வங்கியோடு சேர்ந்தது. இப்படி இணைந்த வங்கிகளின் பழைய பாஸ்புக்கில் இருப்பது பழைய ஐஎஃப்எஸ்சி. இந்தக் குறியீடு பதினொரு இடங்கள் கொண்டது. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தை `O` என்ற எழுத்தாகப் படித்துவிடுவது அடிக்கடி நடக்கிறது.

நம் ஊரில் இதைவிடப் பெரிய தொல்லை இனிஷியல்தான். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் கணக்கு எழுதும் செல்வி என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழிலும் பான் அட்டையிலும் 'செல்வி ஆர்'. கம்பெனிப் பதிவேட்டிலும் அப்படியே. கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரைச் சேர்த்து, அந்த ஆதாரைக் கொடுத்துப் புதுக் கணக்கு தொடங்கினார். பாஸ்புக்கில் 'செல்வி முருகன்' என்று வந்துவிட்டது. சம்பளப் பிரிவில் சரிபார்ப்பவர் இந்த இரண்டு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நிறுத்தத்தான் செய்வார். நிறுத்துவதே சரி.

கம்பெனியில் பெயரை மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். செல்விக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். கம்பெனிப் பதிவேட்டுப் பெயர் பான் அட்டையோடும் பிஎஃப் கணக்கோடும் ஒத்துப்போக வேண்டியது. அங்கே கை வைத்தால் வேறு இரண்டு இடங்களில் முரண்பாடு முளைக்கும். வங்கிக்கு பான் அட்டையைக் காட்டி பாஸ்புக்கில் பெயரைத் திருத்தித் தர முடியுமா என்று முதலில் கேட்கலாம். முடியாவிட்டால் திருமணச் சான்றிதழ் நகலை இணைத்து, இரண்டு பெயரும் ஒருவரே என்று கடிதத்தில் எழுதிவிடலாம். கணவரோடு கூட்டுக் கணக்கு என்றால், முதல் பெயர் தன்னுடையதாக இருக்கும்படி செல்வி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடிதம் நீளமாக வேண்டாம். செல்வியின் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, என் பணியாளர் எண், பிரிவு மேலே உள்ளன. இதுவரை என் சம்பளம் 2086 என முடியும் கணக்கில் வரவாகிறது. ஜூலை மாதச் சம்பளம் முதல் கீழ்க்கண்ட கணக்கில் வரவு வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வங்கி முத்திரையிட்ட பாஸ்புக் முதல் பக்க நகலும் திருமணச் சான்றிதழ் நகலும் இணைத்துள்ளேன். பாஸ்புக்கில் உள்ள செல்வி முருகன் என்பவரும் செல்வி ஆர் என்பவரும் நானே."

இதற்குக் கீழே புதுக் கணக்கின் முழு எண், வங்கி, கிளை, ஐஎஃப்எஸ்சி, தேதி, கையெழுத்து. 'எந்த மாதச் சம்பளம் முதல்' என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். மாதக் கடைசியில் சம்பளம் போடும் கம்பெனிகள் பலவற்றில், இருபதாம் தேதி வாக்கில் பட்டியலை மூடிவிடுவார்கள். செல்வி இருபத்து மூன்றாம் தேதி கடிதம் கொடுத்தால் அந்த மாதச் சம்பளம் பழைய கணக்குக்கே போகும்.

கடிதம் கொடுத்த மறுநாள் அலுவலகத்திலிருந்து போன் வரலாம்: "செல்விம்மா, கணக்கு மாத்தச் சொல்லி எழுதினது நீங்கதானே? புது நம்பரோட கடைசி நாலு சொல்லுங்க." இதற்கு வருத்தப்படக்கூடாது. ஊழியரின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி, 'என் கணக்கை மாற்றிவிடுங்கள்' என்று சம்பளத்தைத் திருப்பிவிடும் மோசடி பல நாடுகளில் நடக்கிறது. அதனால் வந்த மின்னஞ்சலுக்குப் பதில் போட்டு விசாரிக்காமல், பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்பவரே நல்ல சம்பளப் பிரிவு ஊழியர். சில கம்பெனிகள் புதுக் கணக்குக்கு ஒரு ரூபாய் அனுப்பி, வங்கியிலிருந்து வரும் பெயரையும் பார்த்துக்கொள்கின்றன. ஓடிபி, ஏடிஎம் அட்டைப் படம், பின் எண் எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை. கேட்டால் கேட்பவர் சம்பளப் பிரிவு ஆள் இல்லை.

புதுக் கணக்கில் முதல் சம்பளம் ஏறியதைக் கண்ணால் பார்க்கும்வரை பழைய கணக்கை மூட வேண்டாம். வீட்டுக் கடன், வண்டிக் கடன் தவணை பழைய கணக்கிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தால், சம்பளம் இடம் மாறியது கடன் கொடுத்தவருக்குத் தெரியாது. பணமில்லாமல் தவணை திரும்பினால் அபராதம் உண்டு. தவணையைப் புதுக் கணக்குக்கு மாற்ற அவர்களிடம் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும், அது நடைமுறைக்கு வரும்வரை பழைய கணக்கில் பணம் வைத்திருக்க வேண்டும். பழையது ஜீரோ பேலன்ஸ் சம்பளக் கணக்காக இருந்தால், சில மாதம் சம்பளம் வராத பிறகு வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றி, குறைந்தபட்ச இருப்புக்குக் கட்டணம் பிடிக்கத் தொடங்கலாம். பிஎஃப் பணம் எந்தக் கணக்குக்கு வரும், வருமான வரி ரீஃபண்டு எதில் வரும் என்பதெல்லாம் தனித்தனிப் பதிவுகள். சம்பளப் பிரிவில் மாற்றியதால் அவை தானாக மாறாது. பிஎஃப் தளத்தில் புதுக் கணக்கை ஏற்றுவதற்கு 2025 வரை கம்பெனி ஒப்புதலும் தேவைப்பட்டது; இப்போது அதை நீங்களே ஏற்றிவிடலாம்.