முதியோர் இல்லத்தில் ஒரு வகுப்பு

பெங்களூரு ஓசூர் சாலையில், ‘ஏழைகளின் சிறிய சகோதரிகள்’ என்னும் துறவறச் சபை நடத்தும் முதியோர் இல்லம் நூறாண்டுகளைக் கடந்தது. இன்று நகரெங்கும் முதியோர் இல்லங்கள் உள்ளன. விழா நாள்களில் மாணவர்கள் அங்கே சென்று பாடுவார்கள், பழங்கள் வழங்குவார்கள், ஒளிப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். மறுநாள் ஒருவர் பெயர்கூட மற்றவருக்கு நினைவிராது.

இக்குறையை நீக்கும் வழியே தலைமுறை இணைப்புத் திட்டம். இதில் ஒரு மாணவருக்கு ஒரு முதியவர் என இணை சேர்க்கப்படும். இருவரும் குறித்த நாளில், குறித்த நேரத்தில் தொடர்ந்து சந்திப்பர்.

அவர்கள் எதைப் பேசுவது? முதியோர் பழங்கதை பேசுவது அறிவு மங்கியதன் அடையாளம் என்று முன்பு பலர் எண்ணினர். அது வாழ்ந்த வாழ்வை மனம் சீர்தூக்கிப் பார்க்கும் இயல்பான செயல் என்று 1963ஆம் ஆண்டில் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் விளக்கினார். ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான நிகழ்வுகளே முதியோர் நினைவில் மிகுதியாகத் தங்குகின்றன என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் கண்டனர்.

தமிழை விருப்பப்பாடமாகப் பயிலும் மாணவி ஒருத்தி, அல்சூரில் வளர்ந்த பாட்டி ஒருவரைச் சந்திப்பதாகக் கொள்வோம். “உங்கள் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லுங்கள், பாட்டி” என்றால், “என்ன இருக்கிறது சொல்ல?” என்பதே விடையாகலாம். “பத்து வயதில் எந்தத் தெருவில் விளையாடினீர்கள்?” என்று கேட்டால், அந்தத் தெருவும் அங்கே ஒலித்த தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒவ்வொன்றாய் வெளிவரும். மாணவி அதைத் தமிழில் எழுதி, அடுத்த சந்திப்பில் படித்துக் காட்டுவாள். பாட்டி அவளுடைய ழகர உச்சரிப்பைத் திருத்துவார்; தவறாக எழுதிய செய்தியையும் திருத்துவார். மாணவிக்கு மொழியும், பாடநூலில் இல்லாத ஊர் வரலாறும் கிடைக்கின்றன. பிறர் கொடுப்பதைப் பெறுபவராகவே இருந்த பாட்டி, கற்பிப்பவர் ஆகிறார்.

இதில் இடர்களும் உண்டு. முதுமையில் உச்ச ஒலிகளே முதலில் கேளாமற்போகும். சிறுவர் குரலோ உச்சமானது. ஆகவே கத்துவதால் பயனில்லை. முகம் தெரியுமாறு எதிரே அமர்ந்து, குரலைத் தாழ்த்தி, நிறுத்திப் பேச வேண்டும். “என்னைத் தெரிகிறதா?” என்று வினவி மறதியைச் சோதிக்காமல், தம் பெயரைத் தாமே முதலில் கூற வேண்டும்.

எல்லாவற்றினும் கடினமானது பிரிவு. தேர்வு வந்ததும் மாணவர் சொல்லாமல் நின்றுவிட்டால், முதியவர் அந்நாளில் வாயிலை நோக்கிக் காத்திருப்பார். எனவே இறுதிச் சந்திப்பு எப்போது என்பதைத் தொடக்கத்திலேயே அறிவிப்பது முறை. அன்று மாணவி தான் எழுதிய குறிப்பேட்டின் படி ஒன்றைப் பாட்டியிடம் அளித்து விடைபெறுவாள்.