நடுவுல ஒரு தாள்

போலராய்டு தாள் ரெண்டு கையில் கிடைத்தால் எல்லாரும் முதலில் செய்து பார்ப்பது ஒரே விஷயம்தான். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, மேலே இருப்பதை மெதுவாகத் திருப்புவோம். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்து 90 டிகிரியில் இருட்டாகிவிடும். இது வரைக்கும் பிளஸ் டூவிலேயே படித்ததுதான்.

இப்போ மூன்றாவதாக ஒரு தாளை எடுங்க. இருட்டாக இருக்கும் அந்த ரெண்டுக்கும் நடுவில் 45 டிகிரி சாய்வாகச் செருகுங்க. இருட்டு விலகி வெளிச்சம் வரும். அதே தாளை நடுவில் இருந்து உருவி, முன்னாலோ பின்னாலோ வைத்தால் மறுபடியும் இருட்டு.

கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. போலராய்டு தாளுக்கு பேட்டரி கிடையாது, வெளிச்சத்தைத் தடுக்க மட்டுமே தெரியும். தடுக்கிற பொருளைக் கூடுதலாக ஒன்று வைத்தால் வெளிச்சம் எப்படிங்க கூடும்?

நம்மைக் குழப்புவது புத்தகத்தில் வரும் அந்த வேலிப் படம். கயிற்றை மேலும் கீழும் ஆட்டினால் செங்குத்தான கம்பி இடைவெளி வழியே அலை போய்விடும், படுக்கையான இடைவெளியில் நின்றுவிடும் என்று காட்டுவார்கள். அதைப் பார்த்ததும் தாள் ஒரு சல்லடை, தகுதியான ஒளியை மட்டும் சலித்து விடுகிறது என்று மனசில் பதிந்துவிடுகிறது. ரெண்டு தாளுக்கு அந்தப் படம் போதும். மூன்றாவது வந்ததும் உதவாது. என்னைக் கேட்டால் அந்தப் படத்தைப் புத்தகத்தில் இருந்தே எடுத்துவிடலாம்.

உண்மையில் நடப்பது இதுதான். ஒளி அலையில் மின்புலம், ஒளி போகும் திசைக்குச் செங்குத்தாக அதிர்கிறது. பல்பு வெளிச்சத்தில் அந்த அதிர்வு எல்லாத் திசையிலும் கலந்து கிடக்கும். அது ஒரே திசைக்கு அடங்கினால் அதைத் தளவிளைவு என்கிறோம். போலராய்டு தாள் என்பது ஒரே திசையில் இழுத்து நீட்டப்பட்டு அயோடின் ஏற்றப்பட்ட பாலிவினைல் ஆல்கஹால் படலம். நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் எல்லாம் ஒரே பக்கமாகப் படுத்திருக்கும். அந்தச் சங்கிலிக்கு இணையாக அதிரும் மின்புலத்தைத் தாள் உறிஞ்சிவிடும், குறுக்காக அதிர்வதை விட்டுவிடும். வேலிப் படத்துக்கு நேர் எதிர், பாருங்க. சங்கிலி ஓடும் திசைக்குச் செங்குத்தான திசைதான் தாளின் கடத்தும் அச்சு.

சாய்வாக அதிரும் ஒளி வந்தால் தாள் என்ன செய்யும்? மெக்கானிக்ஸில் விசையைக் கூறு பிரிப்போமே, அதே கணக்குதான். அச்சுக்கு θ கோணத்தில் E அளவு மின்புலம் வந்தால், அச்சின் திசையில் உள்ள கூறு E cosθ மட்டும் வெளியே போகும். ஒளிச்செறிவு மின்புலத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் வெளிவரும் செறிவு

I = I₀ cos²θ

இதுதான் மாலஸ் விதி. பிரெஞ்சுக்காரரான மாலஸ் 1808-இல் பாரிஸில் ஒரு ஜன்னல் கண்ணாடியில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைக் கால்சைட் படிகம் வழியே பார்த்தபோது தொடங்கிய கதை.

இந்தச் சூத்திரத்துக்குள் எழுதாமல் ஒளிந்திருக்கும் ஒரு செய்தி உண்டு. வெளியே வரும் ஒளி பழைய திசையில் அதிர்வதில்லை. அது தாளின் அச்சுத் திசையில் அதிர்கிறது. தாள் ஒளியைச் சலிப்பது மட்டும் இல்லை, புதுத் திசைக்குத் திருப்பியும் அனுப்புகிறது. திருப்புவதற்குக் கூலியாக ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது.

இப்போ மூன்று தாள் கணக்கைப் போடுங்க. பல்பில் இருந்து 100 பங்கு வருகிறது. முதல் தாளில் பாதி போய் 50. எல்லாக் கோணத்துக்கும் cos²θ சராசரி எடுத்தால் பாதிதான் வரும். நடுத்தாள் 45 டிகிரியில், cos²45° = 1/2, ஆக 25. இந்த 25 இப்போ 45 டிகிரியில் அதிர்கிறது. கடைசித் தாளுக்கும் அதற்கும் உள்ள கோணம் 90 இல்லை, 45தான். மறுபடி பாதி, 12.5. நடுத்தாள் இல்லாவிட்டால் 50 × cos²90° = 0. நடுத்தாளைக் கடைசியில் வைத்தாலோ, அதற்கு முன்னாலேயே எல்லாம் பூஜ்யமாகிவிடும், அப்புறம் கூறு பிரிக்க எதுவும் மிச்சம் இருக்காது.

தாளே இல்லாமல் தளவிளைவு கிடைக்கும் இடம் ஒன்று இருக்கிறது: தண்ணீர்ப் பரப்பு. இதைப் பயன்படுத்தியவர் நம்ம ஊர்க்காரர், திருச்சியில் பிறந்த சி.வி.ராமன். 1921-இல் ஆக்ஸ்போர்டு மாநாட்டுக்குப் போய்விட்டு நர்குண்டா என்ற கப்பலில் திரும்பி வருகிறார். கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்புதான் என்று ரேலி பிரபு சொல்லியிருந்தார். ராமனுக்கு அது சரியாகப் படவில்லை. பிரதிபலிப்பை அப்புறப்படுத்திவிட்டுக் கடலைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் நடுக்கடலில் பிரதிபலிப்பை எப்படி அப்புறப்படுத்துவது?

கையில் ஒரு நிக்கல் பட்டகம் இருந்தது. கால்சைட்டில் செய்த அந்தப் பட்டகம் நம் போலராய்டு தாள் செய்யும் வேலையையே செய்யும். தண்ணீர்ப் பரப்புக்கு வரைந்த செங்குத்துக் கோட்டில் இருந்து சுமார் 53 டிகிரியில் பார்த்தால், பிரதிபலித்து வரும் ஒளி முழுக்கப் படுக்கைவாட்டில் அதிரும். புருஸ்டர் விதி அது, tan⁻¹(1.33). அதாவது கடல்தான் முதல் தாள், பட்டகம் ரெண்டாவது. பட்டகத்தின் அச்சைச் செங்குத்தாகத் திருப்பியதும் பிரதிபலிப்பு cos²90° ஆகி அணைந்தது. அப்போதும் கடல் நீலமாகவே இருந்தது. அந்த நீலம் தண்ணீருக்குள்ளேயே ஒளி சிதறி வருவது என்று அந்த ஆண்டே ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். அங்கே பிடித்த நூல்தான் 1928-இல் ராமன் விளைவில் போய் முடிந்தது.

இதைச் செய்து பார்க்கக் கப்பல் வேண்டாம். மழை விட்டதும் பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டோரம் தேங்கி நிற்கும் தண்ணீர் போதும். கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கிறவர் ரெண்டு மீட்டர் தள்ளி நின்றால் அந்த 53 டிகிரி தானாக அமைந்துவிடும். (வண்டியைப் பார்த்து ஓரமா நில்லுங்க.) தாளைக் கண்முன் பிடித்துத் திருப்பினால் ஓர் இடத்தில் பளபளப்பு மறைந்து, குட்டையின் அடியில் கிடக்கும் ஜல்லி தெரியும். அப்படியே வைத்துக்கொண்டு, இன்னொரு தாளை அதற்கு முன்னால், குட்டையின் பக்கமாக, 45 டிகிரியில் நீட்டுங்க. மறைந்த பளபளப்பு திரும்பி வரும். இங்கே முதல் பாதி இழப்பு கிடையாது, வரும் ஒளியே தளவிளைவுற்றது. ஆகவே 100, 50, 25 என்று கணக்கு போகும்.

அடுத்த கேள்வி தானாக வரும். ஒரே தாவலில் 45 டிகிரி திருப்புவதற்குப் பதில் சின்னச் சின்னதாகத் திருப்பினால் கூலி குறையுமா? முதல் தாளைத் தாண்டி வந்த ஒளியை 100 என்று வைத்துக்கொள்வோம். 90 டிகிரியை n சமப் படிகளாகப் பிரித்தால் மிஞ்சுவது cos²(90°/n)-ஐ n முறை பெருக்கியது. ரெண்டு படியில் 25. மூன்று படியில் 42. ஒன்பது படியில் 76. ஒரு டிகிரியாக 90 படி வைத்தால் 97. முடிவில்லாமல் அடுக்கினால் இழப்பே இல்லாமல் ஒளியை 90 டிகிரி திருப்பிவிடலாம் என்று காகிதம் சொல்கிறது.

காகிதம் சொல்லும், கடையில் வாங்கிய தாள் சொல்லாது. கடத்தும் அச்சில் வரும் ஒளியையும் உண்மையான தாள் கொஞ்சம் உறிஞ்சும். HN-38 என்று ஒரு வகை உண்டு. சாதாரண ஒளியில் 50 சதவீதம் விட வேண்டிய இடத்தில் 38 சதவீதம் விடும் என்பதுதான் அந்த 38. அப்படியானால் சரியான திசையில் வரும் ஒளியிலேயே 76 சதவீதம்தான் ஒவ்வொரு தாளும் விடும். ஒவ்வொரு படிக்கும் 0.76-ஆல் பெருக்கிப் பாருங்க. ரெண்டு படியில் 14.4, மூன்றில் 18.5, நான்கில் 17.7, ஐந்தில் 15.4, ஒன்பதில் வெறும் 6.4. மூன்று படிதான் உச்சம். அதற்குமேல் தாள் சேர்க்கச் சேர்க்க, கோணத்தில் மிச்சம் பிடித்ததை உறிஞ்சலில் விட்டுவிடுகிறோம். 42 சதவீதம் விடும் நல்ல தாளாக இருந்தால் உச்சம் நான்கு படிக்கு நகரும்.

இதை லேபில் அளக்கப் போகிறவர்கள் மூன்று இடத்தில் கவனம் வைக்க வேண்டும். ஒன்று, லேசர் டையோடு. பல லேசர்களின் ஒளி வரும்போதே தளவிளைவுற்றிருக்கும். முதல் தாளைத் திருப்பினால் அதுவும் மாறும், cos² வளைவு கோணலாகிவிடும். முதல் தாளை நிலையாக வைத்து ரெண்டாவதை மட்டும் திருப்ப வேண்டும். ரெண்டு, எல்.டி.ஆர். அதன் மின்தடை ஒளிக்கு நேர்விகிதத்தில் மாறாது, அதனால் எந்த விதியும் அதில் சரியாக வராது. சின்ன சோலார் செல்லை அம்மீட்டரோடு நேராக இணைத்து மின்னோட்டத்தைப் படித்தால் சரியாக வரும். லேசரை மறைத்துவிட்டு வரும் அறை வெளிச்சத்தின் அளவை ஒவ்வொரு அளவீட்டிலும் கழித்துவிடுங்க, இல்லாவிட்டால் 90 டிகிரியில் பூஜ்யம் வராது.

மூன்றாவது, கோண அளவுகோலின் பூஜ்யம். 0-க்குப் பக்கத்தில் cos² வளைவு கிட்டத்தட்டத் தட்டை, ரெண்டு டிகிரி தவறினாலும் கண்ணுக்குத் தெரியாது. 45-இல் அதே ரெண்டு டிகிரி அளவீட்டை 7 சதவீதம் மாற்றிவிடும். அதனால் அதிக வெளிச்சம் வரும் இடத்தைத் தேடி அதற்கு 0 என்று பெயர் வைக்காதீங்க. இருட்டு இடத்தின் ரெண்டு பக்கமும் ஒரே அளவு மின்னோட்டம் வரும் ரெண்டு கோணங்களைக் குறித்து, நடுவை 90 என்று எடுங்க.

தாள் கிடைக்காதவர்களுக்கு, நம்ம எல்லார் பையிலும் ஒன்று இருக்கிறது. சயின்டிஃபிக் கால்குலேட்டரின் எல்.சி.டி. திரைக்கு முன்பக்கம் ஒட்டியிருப்பது போலராய்டு படலம்தான். ரோட்டோரக் கடையில் “போலரைஸ்டுங்க” என்று விற்கும் கூலிங் கிளாஸை அந்தத் திரைக்கு முன்னால் பிடித்து ஒரு அரைச் சுற்று திருப்புங்க. ஏதாவது ஒரு கோணத்தில் எண்கள் மறைந்து திரை முழுக்கக் கறுத்தால் கடைக்காரர் சொன்னது உண்மை. எப்படித் திருப்பினாலும் ஒரே மங்கலாகத் தெரிந்தால் அது வெறும் கறுப்புப் பிளாஸ்டிக்.