வெபர் சொல்லாததற்கு வெபரைக் குறை சொல்லலாமா?

சமூகவியல் முதுகலை மாணவர்களுக்கு ஒரு கோட்பாட்டு நூலைப் படித்து மதிப்புரை எழுதும் வேலை தவறாமல் வரும். பட்டியலில் அடிக்கடி இடம்பெறும் நூல் மாக்ஸ் வெபரின் ‘புராட்டஸ்டண்ட் அறமும் முதலாளித்துவ உணர்வும்’. 1904-05இல் ஜெர்மன் ஆய்விதழ் ஒன்றில் இரண்டு பகுதிகளாக வெளிவந்த நீண்ட கட்டுரை இது. 1920இல் வெபர் இதைத் திருத்தியபோது, இடைப்பட்ட ஆண்டுகளில் தன்னை மறுத்தவர்களுக்கான பதில்களை அடிக்குறிப்புகளில் சேர்த்தார். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகிறவர் நூலின் பாதிச் சண்டையைப் பார்க்காமலே போகிறார்.

இந்த நூலுக்கு வரும் மதிப்புரைகளில் பல முதல் வரியிலேயே சறுக்கிவிடும். ‘புராட்டஸ்டண்ட் மதமே முதலாளித்துவத்தை உருவாக்கியது என்கிறார் வெபர்’ என்று தொடங்கி, இத்தாலிய வங்கியாளர்கள் மதச் சீர்திருத்தத்துக்கு முன்பே இருந்தார்களே என்று கேட்டு, வெபரை வீழ்த்திவிட்டதாக முடித்துவிடுவார்கள். வெபர் அப்படிச் சொல்லவில்லை. சீர்திருத்தம் இல்லாமல் முதலாளித்துவம் பிறந்திருக்காது என்ற கருத்தை அவரே மடமை என்று ஒதுக்குகிறார். லாப ஆசையும் வட்டித் தொழிலும் எல்லாக் காலத்திலும் இருந்தவைதான் என்றும் ஒப்புக்கொள்கிறார். அவருடைய கேள்வி வேறு: சம்பாதித்ததை அனுபவிக்காமல், மேலும் மேலும் சம்பாதிப்பதையே கடமையாக நினைத்து உழைக்கும் மனநிலை மேற்கு ஐரோப்பாவில் எங்கிருந்து வந்தது?

மதிப்புரையில் நேர்மை தொடங்குவது இந்த இடத்தில்தான். நூலாசிரியரே படித்தால் ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி அவர் வாதத்தை எழுத வேண்டும். அத்தியாயம் அத்தியாயமாகச் சுருக்கினால் இது கைகூடாது. வாதத்தின் கண்ணிகளை வரிசையாகப் பிடிக்க வேண்டும். வெபரின் சங்கிலி இப்படிப் போகிறது. யாருக்கு மீட்பு, யாருக்கு இல்லை என்பதைக் கடவுள் முன்பே தீர்மானித்துவிட்டார் என்றது கால்வினியம். பாவமன்னிப்புச் சடங்கோ பாதிரியாரோ அந்தத் தீர்ப்பை மாற்ற முடியாது. ‘நான் தேர்ந்தெடுக்கப்பட்டவனா?’ என்ற பதற்றத்தில் விசுவாசி தவித்தான். அயராத உழைப்பே அந்தச் சந்தேகத்துக்கு மருந்து என்று போதகர்கள் சொன்னார்கள். தொழிலில் கிடைத்த வெற்றி, அருளின் அடையாளமாகத் தெரியத் தொடங்கியது. ஆடம்பரத்துக்குத் தடை இருந்ததால் ஈட்டியது செலவாகாமல் மூலதனமானது. பிறகு மதம் மங்கியது, பழக்கம் நின்றது.

1,500 சொற்களில் மதிப்புரை கேட்டிருந்தால், இந்தச் சுருக்கத்துக்கு 500 சொற்களுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது என் கணக்கு. எஞ்சிய இடம் விமர்சனத்துக்கு. அதையும் நூலின் அத்தியாய வரிசையில் அடுக்காமல், எந்தக் கண்ணி பலவீனமானது என்ற வரிசையில் அமைத்தால் கட்டுரைக்கு முதுகெலும்பு கிடைக்கும்.

ஒரு கண்ணியைச் சோதித்துப் பார்ப்போம். முதல் அத்தியாயத்தில், ஜெர்மனியின் பாடன் மாநிலத்தில் எந்த மதத்துப் பிள்ளைகள் எந்த வகைப் பள்ளிக்குப் போனார்கள் என்ற அட்டவணை அடிக்குறிப்பாக வருகிறது. அது வெபரின் மாணவர் மார்ட்டின் ஓஃபன்பாக்கர் திரட்டியது. தொழில், வணிகப் படிப்புகளின் பக்கம் சாய்ந்த ஒருவகை மேல்நிலைப் பள்ளிகளுக்கான வரியில், நூற்றுக்கு இத்தனை பேர் என்ற கணக்கில் புராட்டஸ்டண்டுகள் 69, கத்தோலிக்கர் 31, யூதர் 9 என்று இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், 109 வருகிறது. ஸ்வீடன் நாட்டுப் பொருளாதார வரலாற்றாளர் குர்ட் சாமுவல்சன் 1957இல் இந்தப் பிழையைச் சுட்டிக்காட்டினார். 69 என்பது 59ஆக இருக்க வேண்டும். அதோடு அவர் விடவில்லை. இந்தப் பள்ளிகள் இருந்த ஊர்களிலேயே புராட்டஸ்டண்டுகள் அதிகம் வாழ்ந்தார்கள். மாநிலம் முழுவதின் மக்கள்தொகையோடு ஒப்பிடாமல் அந்தந்த ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், வித்தியாசம் பெருமளவு கரைந்துவிடுகிறது என்றார்.

இதைத் தெரிந்துகொண்ட மாணவருக்கு ‘வெபரின் கோட்பாடு கூட்டல் பிழையில் நிற்கிறது’ என்று எழுதத் தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். இந்த அட்டவணை வெபருக்குக் கேள்வியைத் தொடங்கிவைக்கும் கவனிப்பு மட்டுமே. 17ஆம் நூற்றாண்டு விசுவாசியின் மனநிலை பற்றிய இரண்டாம் பகுதியின் வாதம், 19ஆம் நூற்றாண்டுப் பாடனின் பள்ளிக் கணக்கை நம்பி நிற்கவில்லை. எனவே நியாயமான வாக்கியம் இப்படி இருக்கும்: ‘தொடக்கப் புள்ளிவிவரம் வலுவற்றது, ஆகவே, விளக்கம் தேவைப்படும் வேறுபாடு உண்மையில் எவ்வளவு பெரியது என்பது தெளிவாகவில்லை, ஆனால் மைய வாதம் தனியாகச் சோதிக்கப்பட வேண்டும்.’ குறை எது என்பதோடு, அது எதுவரை பாய்கிறது என்பதையும் சொல்லாத விமர்சனம் பாதி வேலைதான்.

மைய வாதத்தின் மெலிந்த கண்ணி, என் பார்வையில், அந்தப் பதற்றம்தான். அதற்கு வெபர் காட்டும் சான்றுகளில் பெரும்பங்கு போதகர்களின் அறிவுரை நூல்கள். குறிப்பாக ஆங்கிலப் பியூரிட்டன் போதகர் ரிச்சர்ட் பாக்ஸ்டரின் எழுத்து. நேரத்தை வீணாக்காதே என்று போதகர் எழுதினார் என்பதிலிருந்து, நெசவாளியும் வணிகரும் அப்படியே வாழ்ந்தார்கள் என்று நாம் எடுத்துக்கொள்ள முடியுமா? போதனை கடுமையாக இருந்ததே, கேட்டவர்கள் அப்படி வாழாததால்கூட இருக்கலாம். நாட்குறிப்பு, கணக்கேடு, உயில் போன்ற சான்றுகள் இந்த இடத்தில் கூடுதலாக வேண்டியிருந்தன. மாணவர் எழுதக்கூடிய வலுவான விமர்சனம் இது, ஏனென்றால் வெபர் எடுத்துக்கொண்ட கேள்விக்குள்ளேயே நின்று அவரை மடக்குகிறது.

அடுத்து, மாற்று விளக்கம். சாஷா பெக்கர், லூட்கர் வோஸ்மன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 19ஆம் நூற்றாண்டுப் பிரஷ்யாவின் மாவட்டக் கணக்குகளை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பைபிளை ஒவ்வொருவரும் தாமே படிக்க வேண்டும் என்று லூதர் வலியுறுத்தியதால் புராட்டஸ்டண்டுப் பகுதிகளில் எழுத்தறிவு கூடியது. பொருளாதார வேறுபாட்டின் பெரும்பகுதியை அந்த எழுத்தறிவே விளக்கிவிடுகிறது என்பது அவர்கள் முடிவு. இதை மதிப்புரையில் சேர்த்தால், இரு விளக்கங்களும் எங்கே மோதுகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். அவர்கள் அளந்தது வளம். வெபர் பேசியது மனநிலை. இதைச் சொல்லாமல் ‘புதிய ஆய்வு வெபரை மறுத்துவிட்டது’ என்று எழுதினால் பெயர் உதிர்த்ததாகத்தான் ஆகும்.

நம் மாணவர்கள் விரும்பி எழுதும் இன்னொரு குறை: ‘வெபர் இந்தியாவைக் கணக்கில் கொள்ளவில்லை.’ இந்து மதம், பௌத்தம் பற்றி அவர் தனி நூலே எழுதினார். அந்த நூலோடு மல்லுக்கு நிற்க நம் ஊரிலேயே சான்று உண்டு. மில்டன் சிங்கர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1964இல் சென்னையின் முன்னணித் தொழிலதிபர்கள் 19 பேரிடம் பேசி, அவர்களுடைய சமய வாழ்வு தொழிலுக்குத் தடையாக இல்லை என்று காட்டினார். அருமையான ஆய்வு. ஆனால் அது இந்திய நூல் பற்றிய மதிப்புரைக்கு உரியது. கையில் இருக்கும் நூல் எடுத்துக்கொள்ளாத பொறுப்பை அதன் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

கடைசிப் பத்தியில் ‘சில குறைகள் இருந்தாலும் சிறந்த நூல்’ என்ற வரி எதையும் சொல்வதில்லை. எதை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். நான் எழுதினால் இப்படி முடிப்பேன்: ‘மத நம்பிக்கை, அதை உருவாக்கியவர்கள் எண்ணிப் பார்க்காத பொருளாதார விளைவுகளைத் தரலாம் என்பதை வெபர் நம்பும்படி காட்டுகிறார். அந்த விளைவு தனிமனிதரின் மீட்புப் பதற்றம் வழியாகத்தான் வந்தது என்பதை இந்த நூலின் சான்றுகள் நிறுவவில்லை.’