ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கினால்

ஆலங்குடிப் பகுதியைச் சேர்ந்த விவசாயி ஒருவர் அண்மையில் எங்களிடம் அழைத்து வரப்பட்டார். இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, மூன்று வாரங்களாகப் படுக்கையில் இருந்தவர். இடது கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது, வலியும் கூடியிருந்தது. சுளுக்கு என்று கருதிய குடும்பத்தினர் இரண்டு நாள்கள் எண்ணெய் தேய்த்து நீவியிருந்தனர்.

முழங்காலுக்குக் கீழே ஒரே உயரத்தில் இரு கால்களையும் நாடாவால் அளந்தோம். வலது கால் 34 செ.மீ., இடது கால் 38 செ.மீ. இருந்தது. 3 செ.மீ.க்கு மேல் வேறுபாடு இருந்தால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம் என்று ஐயுறுவோம். காலிலிருந்து இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தை, நாம் நடக்கும்போது கெண்டைத் தசையே மேலே தள்ளுகிறது. அசையாமல் படுத்திருக்கும்போது அவ்வோட்டம் மந்தமாகிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் இரத்தம் உறையும் தன்மையும் மிகுகிறது.

தசைக் கிழிவும் தோலுக்கடியில் ஏற்படும் கிருமித்தொற்றும் இதே தோற்றத்தைத் தரக்கூடும். எனவே டாப்ளர் ஸ்கேன் செய்கிறோம். இதில் ஊசியோ கதிர்வீச்சோ இல்லை. தொடையிடுக்கிலிருந்து முழங்காலின் பின்புறம் வரையிலும், அதற்குக் கீழும், கருவியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வோர் இடத்திலும் மெல்ல அழுத்துவோம். நலமான சிரை அழுத்தியவுடன் தட்டையாகித் திரையில் மறைந்துவிடும். உள்ளே உறைகட்டி இருந்தால் தட்டையாகாது. இவருக்கு முழங்காலின் பின்புறச் சிரை தட்டையாகவில்லை.

கெண்டைக்காலின் சிறு சிரைகளிலுள்ள கட்டி முதல் ஸ்கேனில் தென்படாமற்போவதுண்டு. ஆகவே ஐயம் நீடித்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் மீண்டும் ஸ்கேன் செய்வோம். அதற்கு வரத் தவறாதீர்கள்.

அவசரம் காலுக்காக மட்டுமன்று. கட்டியின் துண்டு பிரிந்தால், இதயத்தின் வலப்பக்கம் வழியாகச் சென்று நுரையீரல் தமனியை அடைத்துவிடும். இது சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடும். இவருக்கு அன்றே ஹெப்பாரின் ஊசி தொடங்கினோம். இம்மருந்து கட்டியைக் கரைப்பதில்லை, வளராமல் தடுக்கிறது. பின்னர் உடலே அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இதற்குக் காலம் தேவை என்பதால், மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் உட்கொள்ள வேண்டும். வீக்கம் வடிந்ததும் தாமாக நிறுத்தலாகாது. மாத்திரை உட்கொள்ளும் காலத்தில் மலம் கறுத்தாலோ, இரத்தக் கசிவு நிற்காவிட்டாலோ, உடனே எங்களிடம் வாருங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாகி வலித்தால், நீவாதீர்கள். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள். அதனுடன் திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், பொழுது விடியட்டும் எனக் காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.