பட்டையின் அடியில் எந்த எண்?

பட்டை வரைபடத்தைப் பார்ப்பவரின் கண் முதலில் அளப்பது பட்டையின் உயரத்தை. ஒரு பட்டை இன்னொன்றைவிட இரு மடங்கு உயரமாக இருந்தால், அது குறிக்கும் அளவும் இரு மடங்கு என்று மனம் எடுத்துக்கொள்கிறது. பக்கத்தில் அச்சிட்ட எண்ணைப் படிப்பது அதற்குப் பிறகுதான். பலர் படிப்பதே இல்லை. உயரத்தைப் பார்த்துச் சொல்லும் இந்தக் கணக்கு சரியாக வர வேண்டுமானால் பட்டை சுழியத்திலிருந்து எழ வேண்டும். அடிப்பகுதியை வெட்டிவிட்டால் சிறிய வேறுபாடும் மலையாகத் தெரியும்.

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சி 2012 ஜூலையில் காட்டிய ஒரு வரைபடம் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. புஷ் காலத்து வரிச்சலுகைகள் காலாவதியானால் வருமான வரியின் உச்ச விகிதம் எவ்வளவு கூடும் என்பதுதான் செய்தி. அன்றைய விகிதம் 35 சதவீதம். 2013 ஜனவரி 1 முதல் அது 39.6 சதவீதமாகும். இரண்டு எண்களும் சரியானவை, பட்டைகளின் மேலேயே எழுதப்பட்டும் இருந்தன. ஆனால் செங்குத்து அச்சு 34-இல் தொடங்கியது. ஆகவே முதல் பட்டையின் உயரம் 1 அலகு, இரண்டாவதன் உயரம் 5.6 அலகு. வரி ஐந்து மடங்குக்கு மேல் எகிறப்போவதாகப் படம் சொன்னது. உண்மையான உயர்வு 4.6 புள்ளிகள், அதாவது பழைய விகிதத்தில் சுமார் 13 சதவீதம்.

இந்த மிகையை அளக்க ஒரு வழி உண்டு. புள்ளியியலாளர் எட்வர்ட் டஃப்டி 1983-இல் வெளியிட்ட நூலில் அதற்குப் ‘பொய்க் காரணி’ என்று பெயர் வைத்தார். படத்தில் தெரியும் மாற்றத்தைத் தரவில் உள்ள மாற்றத்தால் வகுத்தால் அது கிடைக்கும். நேர்மையான படத்தில் விடை 1-ஐ ஒட்டி இருக்கும். வரிப் படத்தில் பட்டை வளர்ந்தது 460 சதவீதம், விகிதம் வளர்ந்தது 13 சதவீதம். வகுத்தால் ஏறத்தாழ 35. ஓர் அளவுகோலும் காகிதமும் இருந்தால் எந்தச் செய்தித்தாளின் பட்டைக்கும், எந்த ஆய்வுக் கட்டுரையின் பட்டைக்கும் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம்.

இதிலிருந்து எல்லா வரைபடமும் சுழியத்தில்தான் தொடங்க வேண்டும் என்று விதி செய்துகொண்டால் அதுவும் தவறாகிவிடும். கோட்டு வரைபடத்தில் கண் பார்ப்பது கோட்டின் ஏற்ற இறக்கத்தை. அங்கே சுழியம் கட்டாயமல்ல, சில நேரம் கேடும்கூட. அமெரிக்க இதழான நேஷனல் ரிவ்யூ 2015 டிசம்பரில் 1880 முதலான உலகச் சராசரி வெப்பநிலையை ஒரு படமாக வெளியிட்டது. அச்சு மைனஸ் 10 பாரன்ஹீட் முதல் 110 பாரன்ஹீட் வரை நீண்டது. அக்காலகட்டத்தில் வெப்பநிலை உயர்ந்தது ஏறத்தாழ 1.8 பாரன்ஹீட்தான். 120 டிகிரி அகலமுள்ள அச்சில், பத்து சென்டிமீட்டர் உயரப் படத்தில், அது ஒன்றரை மில்லிமீட்டர். கோடு தட்டையாகக் கிடந்ததில் வியப்பில்லை. கடைசிப் பனியுகத்துக்கும் தொழிற்புரட்சிக்கு முந்தைய காலத்துக்கும் இடையிலான வேறுபாடே சுமார் 10 பாரன்ஹீட்தான். அதையும் அந்தப் படம் ஒரு சிறு மேடாகத்தான் காட்டியிருக்கும். அச்சு எவ்வளவு நீளலாம் என்பதைத் தீர்மானிக்க வேண்டியது, அந்தத் துறையில் எவ்வளவு மாற்றம் பெரியது என்கிற அறிவுதான்.

இடப்பக்கம் ஓர் அச்சு, வலப்பக்கம் வேறோர் அச்சு என்று வரையும்போது வரைபவரின் கை இன்னும் தாராளமாகிறது. டைலர் விஜென் என்பவர் ஏராளமான புள்ளிவிவர வரிசைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, தொடர்பில்லாதவை ஒட்டிப்போகும் ஜோடிகளைத் திரட்டினார். அவற்றில் ஒன்று, மெய்ன் மாநிலத்தின் விவாகரத்து விகிதமும் அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்கு உண்ணும் மார்ஜரின் அளவும். 2000-இல் ஆயிரம் பேருக்கு 5.0 விவாகரத்துகள்; 2009-இல் 4.1. மார்ஜரின் 8.2 பவுண்டிலிருந்து 3.7 பவுண்டாகக் குறைந்தது. இடது அச்சை 4.1 முதல் 5.0 வரையும் வலது அச்சை 3.7 முதல் 8.2 வரையும் வைத்தால் இரண்டு கோடுகளும் ஒரே மூலையில் தொடங்கி ஒரே மூலையில் முடியும். நடுவிலும் கைகோத்துக்கொண்டு போகும்.

இப்போது இரண்டுக்கும் 2000-ஆம் ஆண்டை 100 என்று வைத்து ஒரே அச்சில் வரைந்தால், விவாகரத்து 82-க்கு வருகிறது, மார்ஜரின் 45-க்கு விழுகிறது. ஒன்று மெல்லச் சரிந்திருக்கிறது, மற்றது பாதிக்கும் கீழே போயிருக்கிறது. முதல் படத்தில் கண்ட நெருக்கம் பெருமளவு அச்சுகளைப் பொருத்திய கையின் வேலை. இரு கோடுகளும் சேர்ந்து இறங்கின என்பது மட்டும் உண்மை. பத்தே ஆண்டுகளில் சேர்ந்து இறங்கிய வரிசைகளைத் தேடினால் எத்தனையோ கிடைக்கும். இரட்டை அச்சில் இரு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிக்கும் இதே கதிதான். ‘இந்த ஆண்டில் அது இதை முந்தியது’ என்று கட்டுரை எழுதினால், ஓர் அச்சைச் சற்று நீட்டிப் பார்த்தாலே அந்த ஆண்டு வேறிடத்துக்கு நகர்ந்துவிடும்.

அச்சில் கை வைக்காமலும் படத்தை வளைக்கலாம். எந்த ஆண்டில் தொடங்குவது என்பதைத் தேர்ந்தால் போதும். 1998-க்குப் பிறகு புவி வெப்பமாவது நின்றுவிட்டது என்ற வாதம் பல ஆண்டுகள் உலவியது. அந்த வரைபடங்களில் போலி எண் எதுவும் தேவைப்படவில்லை. 1997-98-இல் பசிபிக் கடலில் மிக வலுவான எல் நினோ வந்ததால் 1998 வழக்கத்துக்கு மிஞ்சிய வெப்ப ஆண்டாயிற்று. அந்தச் சிகரத்தில் கோட்டைத் தொடங்கினால் பின்னால் வரும் எதுவும் தட்டையாகத்தான் தெரியும்.

இதைச் சோதிக்கத் தொடக்க ஆண்டைச் சற்றே நகர்த்த வேண்டும். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி. 2013 அறிக்கையில் அதைச் செய்துகாட்டியது. 1998 முதல் 2012 வரையிலான 15 ஆண்டுகளில் உயர்வு பத்தாண்டுக்கு 0.05 டிகிரி செல்சியஸ். 1997-இல் தொடங்கும் 15 ஆண்டுகளுக்கு 0.07, 1996-இல் தொடங்கினால் 0.14, 1995-இல் தொடங்கினால் 0.13. இரண்டே ஆண்டுகள் முன்னால் போனதும் விடை ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. 1951 முதல் 2012 வரை முழுவதையும் எடுத்தால் 0.12. ஓராண்டு இரண்டாண்டு நகர்த்தலுக்கே இப்படி ஆடும் முடிவு, போக்கைச் சொல்வதைவிட முனையில் நிற்கும் ஆண்டைத்தான் சொல்கிறது. நல்ல ஆய்வுக் கட்டுரை, தொடக்க ஆண்டை ஏன் தேர்ந்தது என்பதை முறைகள் பகுதியில் சொல்லியிருக்கும்: கருவி பொருத்தப்பட்ட ஆண்டு, கணக்கெடுப்பு தொடங்கிய ஆண்டு என்பதுபோல. காரணம் எதுவும் இல்லாமல் தரவு நடுவில் வெட்டப்பட்டிருந்தால், வெட்டுக்கு முந்தைய ஆண்டுகளைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இந்தச் சோதனை எந்தக் கட்சிக்கும் சலுகை தராது. லா நினாவால் குளிர்ந்திருந்த 2008-இல் தொடங்கி, எல் நினோவால் சூடேறிய 2016-இல் முடித்தால் வெப்பமாதல் உள்ளதைவிட வேகமாகத் தெரியும். அதுவும் அதே வெட்டுதான். ஓரிரு ஆண்டு ஏற்ற இறக்கங்கள் முடிவைத் திருப்பிவிடாதிருக்கவே உலக வானிலை அமைப்பு ஓர் இடத்தின் வழக்கமான காலநிலையை 30 ஆண்டுச் சராசரியாகக் கணக்கிடுகிறது.